ஒரு யூனிட் என்ன விலை

அந்த அட்டவணையில் ஒரு தப்பும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பின்னால் அவன் அதை எத்தனையோ தடவை திறந்து, ஒவ்வொரு கட்டமாகத் தட்டிப் பார்த்தான். எங்காவது ஒரு எண் பிசகியிருந்தால் அதன் தலையில் பழியைப் போட்டுவிட்டு மூச்சு விடலாமே என்று தவித்தான். ஒன்றும் பிசகவில்லை.

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் அவனுக்கு வேலை. பசை, நூல், மை, ஆணி என்று எது வாங்கினாலும் நாலைந்து இடத்தில் விலை கேட்டு, கணினியில் அட்டவணை போட்டு, எது மலிவு என்று மேலே அனுப்ப வேண்டும். பசை விற்க வருகிறவர்களோடு தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாம் இலக்கம் வரை நின்று சண்டை போடுவான். அதனால் அலுவலகத்தில் அவனுக்கு ‘தசமம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். கேலிக்கு வைத்த பேர்தான். அவன் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டான். வீட்டிலும் அதே புத்திதான். சோப்புப் பொடிக்கு ஒரு அட்டவணை, எண்ணெய்க்கு ஒன்று. “உப்புக்கும் ஒண்ணு போட்டுடுங்க, குறையா இருக்கப் போகுது” என்று, பிரசவத்துக்குத் தாய்வீடு போவதற்கு முன் அவன் மனைவி சொன்னதுண்டு. அவள் கிண்டல் செய்கிறாள் என்பது புரிய அவனுக்கு ஒரு நாள் பிடித்தது. அதற்குள் உப்புக்கும் போட்டுவிட்டான்.

அப்பாவுக்குச் சர்க்கரை. பல வருஷம் லாரி ஓட்டிய உடம்பு. மாத்திரைக்கு மசியாமல் போய், இப்போது காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. போடுவது அம்மா. முதல் வாரம் பயந்து பயந்து போட்டாள், பிறகு பழகிவிட்டது. காலையில் இருபது, சாயங்காலம் பத்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை. சிவப்பு மூடி போட்ட மெலிந்த ஊசிகள் பெட்டியோடு சமையலறை அலமாரியில் இருக்கும். மருந்துப் புட்டி ஃபிரிட்ஜின் கதவில் இருக்கும். வீட்டில் யாருக்கும் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாமல் போகிற அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது.

மருந்து விலை ஏறியபோதுதான் தசமம் விழித்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்து மருந்துக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டு விலை கேட்டான். ஐந்து கடை. முதல் பத்தியில் கடையின் பேர், அடுத்ததில் விலை, அடுத்ததில் புட்டியில் எத்தனை மில்லி. நாலாவது பத்தியில் விலையை மில்லியால் வகுக்கும் சூத்திரம். முதல் கடைக்கு எழுதி, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தான், மற்ற கடைகளுக்கும் தானாக வந்து நின்றது. வழக்கமாக வாங்கும் ஆஸ்பத்திரி வாசல் கடையில் பத்து மில்லி நூற்று அறுபது. மில்லிக்குப் பதினாறு. மற்ற மூன்று கடைகள் அதற்குச் சற்றே கீழே. கடைசியில் இருந்த மொத்த விற்பனைக் கடையில் மட்டும் அதே பத்து மில்லி முந்நூறு. மில்லிக்கு முப்பது.

“பகல் கொள்ளையா இருக்கே” என்று போனிலேயே கேட்டுவிட்டான்.

“சார், அது நூறு. மத்தவங்க சொன்னது நாற்பது” என்றாள் அந்தக் கடைப் பெண். “நாற்பதுன்னா ஒரு மில்லில நாற்பது யூனிட் மருந்து. நூறுன்னா அதே ஒரு மில்லில நூறு யூனிட். மருந்து ஒண்ணுதான், அடர்த்திதான் வேற.”

இன்னொருவனாக இருந்தால் தலை சுற்றுகிறது என்று போனை வைத்திருப்பான். இவனுக்கு உற்சாகம் பொங்கியது. இது அவன் தினமும் பார்க்கிற விஷயம். தண்ணீர் கலந்த பசையையும் கெட்டிப் பசையையும் லிட்டர் கணக்கில் ஒப்பிடுகிறவன் முட்டாள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவனே பாடம் எடுத்திருக்கிறான். டாக்டர் எழுதுவது மில்லியிலா? யூனிட்டில். அப்படியென்றால் விலையையும் யூனிட்டுக்குத்தான் பார்க்க வேண்டும். மில்லிக்கு எத்தனை யூனிட் என்று இன்னொரு பத்தியைச் செருகினான். விலையை மில்லியால் வகுத்து, யூனிட்டையும் பெருக்கலாகச் சேர்த்து எழுதினான். ஆஸ்பத்திரி வாசல் கடைக்கு அறுநூற்று நாற்பது என்றும் மொத்தக் கடைக்கு மூவாயிரம் என்றும் வந்தது. ஒரு கணம் முழித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான். அடைப்புக்குறி போடவில்லை. கணினி முதலில் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்கியிருக்கிறது. மில்லியையும் யூனிட்டையும் அடைப்புக்குள் போட்டுப் பெருக்கவிட்டு, அந்தப் பெருக்கலால் விலையை வகுத்தான். இப்போது எண்கள் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. ஆஸ்பத்திரி வாசல் 0.40. மற்றவை 0.39, 0.38, 0.37. மொத்தக் கடை 0.30.

எது குறைவு என்று கண்ணுக்கே தெரிந்தது. இருந்தாலும் அடியில் ஒரு கட்டத்தில், இருப்பதிலேயே சின்ன எண்ணைத் தேடி அதற்கு நேரான கடையின் பேரைக் காட்டும்படி ஒரு சூத்திரம் எழுதினான். எழுதாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. ‘மொத்தக் கடை’ என்று பளிச்சென்று வந்தது. அதற்குப் பச்சை நிறம் பூசினான்.

அடுத்த நாள் வேலை முடிந்து இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கினான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிர்ந்து கிடந்த கடை. போனில் பேசிய அதே பெண்தான். பனிக்கட்டிப் பையோடு புட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, “இதுக்கு ஊசி இருக்கா சார்?” என்று கேட்டாள்.

பசை விற்க வருகிறவர்கள் கடைசியில் தூரிகையையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி.

“வீட்ல ஒரு பெட்டியே இருக்கும்மா” என்றான்.

“இல்ல சார், இதுக்கு...”

“வேணாம்மா, எல்லாம் இருக்கு” என்று சிரித்தபடி மீதியை வாங்கிக்கொண்டு நகர்ந்தான். பின்னால் நின்றவர் சீட்டை நீட்டினார். அவள் இவன் முதுகை ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த சீட்டை வாங்கினாள். இதை அவன் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கில எழுத்து வராது. மருந்தின் பேரை வடிவம் வைத்துத்தான் அடையாளம் தெரியும். அது அப்படியேதான் இருந்தது.

“மூடி நிறம் வேற மாதிரி இருக்கேடா?”

“வேற கடைம்மா. மருந்து அதேதான்.”

“இதுலயும் இருபதுதானே?”

“இருபதுதான். டாக்டர் சொன்னது மாறுமா?” என்றான்.

அவன் சொன்னதும் சரி, அவள் கேட்டதும் சரி. அவனுடைய இருபது, யூனிட். அவளுடைய இருபது, சிவப்பு மூடி ஊசியில் இருபதாவது கோடு. இத்தனை நாளாக இரண்டும் ஒரே இடத்தில் நின்றதால், இரண்டும் வேறு வேறு என்று நினைக்க அந்த வீட்டில் யாருக்கும் அவசியம் வந்ததில்லை. அந்த ஊசி நாற்பது மருந்துக்கென்றே கோடு போட்ட ஊசி. மனிதர்கள் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, ஒரே விஷயத்தைப் பேசிவிட்டதாக நம்பிக் கலைந்து போவது எவ்வளவு பயங்கரம்! அம்மா புட்டியை ஃபிரிட்ஜ் கதவில், பழைய புட்டிக்குப் பின்னால் வைத்தாள். பழையது தீரட்டும், பிறகு இதைத் தொடலாம் என்றாள்.

அதன் பிறகு சில நாள் ஒன்றுமில்லை. அவனும் மறந்துவிட்டான்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவின் கையில் தம்ளர் ஆடியது. சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. மின்விசிறி தலைக்கு மேலே முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

“என்னப்பா, லாரியை மலை ஏத்திட்டு வந்தீங்களா?” என்றான்.

அப்பா பதிலுக்குச் சிரிக்கவில்லை. அவனை யாரோ மாதிரிப் பார்த்தார். “வண்டியை எங்க நிறுத்தியிருக்க?” என்று கேட்டார். வண்டியை விட்டு வருஷக்கணக்கு ஆகிறது. கிழவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான். அம்மா மட்டும் வேகமாக எழுந்து, “வாங்க, வந்து படுங்க” என்று அவர் தோளைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனாள். போகும்போது அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஏதோ ஒளிவு இருந்தது.

“சர்க்கரை பார்த்தியாம்மா?” என்று இங்கிருந்தே கேட்டான்.

“ஞாயித்துக்கிழமைதானே பார்க்கணும்னு சொன்ன” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. உண்மைதான். சோதனைப் பட்டையின் விலைக்கும் அவன் ஒரு அட்டவணை வைத்திருந்தான். வாரத்துக்கு ஒன்று போதும் என்று அதிலிருந்துதான் முடிவெடுத்தான்.

மறுநாள் அலுவலகத்தில் மதியம். தொழிற்சாலையின் முதலுதவி அறையில் இருக்கும் நர்ஸம்மா ஒரு சீட்டில் கையெழுத்து வாங்க அவன் மேசைக்கு வந்தார். அவருடைய மாமியாருக்கும் இன்சுலின்தான். விலை ஏறிவிட்டது என்று புலம்பினார். தசமத்துக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்க சிஸ்டர், ஒண்ணு காட்டுறேன்” என்று அட்டவணையைத் திறந்தான். மில்லிக்கு விலை பார்த்தால் எப்படி ஏமாறுவோம், யூனிட்டுக்குப் பார்த்தால் எப்படித் தலைகீழாக மாறுகிறது, அடைப்புக்குறி எங்கே வரவேண்டும் என்று விளக்கினான். பச்சை பூசிய கட்டத்தைக் காட்டும்போது அவன் குரலிலேயே ஒரு மிடுக்கு.

“நல்லா போட்டிருக்கீங்களே” என்றார் நர்ஸம்மா. மனதாரத்தான் சொன்னார். “எங்களுக்கும் அனுப்புங்க. ஆமா, நூறு ஊசி என்ன விலைக்கு வாங்கினீங்க? அதையும் ஒரு பத்தி போட்டா நல்லாருக்கும்.”

“நூறு ஊசி எதுக்கு? ஒரு பெட்டிதான் இருக்கு வீட்ல.”

“நூறு மருந்துக்கு உள்ள ஊசியைக் கேட்டேன் சார். ஆரஞ்சு மூடி.”

“எங்க வீட்ல சிவப்பு மூடிதான் சிஸ்டர்.”

நர்ஸம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. “புது மருந்தையும் அதுலதான் போடுறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அதுலதான். அதே இருபது...”

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் கை தன் பழக்கத்தை விடவில்லை. அட்டவணையின் அடியில் காலியாக இருந்த ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு, இருபதை நாற்பதால் வகுத்தான். சிவப்பு ஊசியில் இருபதாவது கோடு வரை இழுத்தால் அரை மில்லி. அதை நூறால் பெருக்கினான். விசையைத் தட்டினான்.

50.

இருபது வாங்க வேண்டிய உடம்புக்கு ஐம்பது. சாயங்காலம் பத்துக்குப் பதில் இருபத்தைந்து. திரையில் அந்த எண் எந்த நிறமும் இல்லாமல் சும்மா இருந்தது.

“போன் போடுங்க” என்றார் நர்ஸம்மா. “முதல்ல போன் போடுங்க சார். ஊசி போட்டாங்களான்னு கேளுங்க.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். பழைய புட்டி இன்னும் தீர்ந்திருக்காது, புதியதை இன்னும் தொட்டிருக்க மாட்டாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அப்போதுதான் முந்தின இரவு நனைந்திருந்த சட்டைக் கழுத்தும், வண்டியை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்ற கேள்வியும் வரிசையாக வந்து நின்றன. மூன்றாவது தடவை அம்மா எடுத்தாள்.

“அம்மா, புது புட்டியைத் திறந்துட்டியா?”

“முந்தாநாள் சாயங்காலமே பழசு தீர்ந்துடுச்சேடா. நேத்து காலைலேர்ந்து புதுசுதான்.”

“அப்பா எங்க?”

“தூங்குறாரு. காலைல ஊசி போட்டேன், ரெண்டு வாய்தான் சாப்பிட்டாரு, போதும்னு போய்ப் படுத்துட்டாரு. இன்னும் எழுந்திருக்கல. அசதியா இருக்கும், தூங்கட்டும்னு விட்டுட்டேன்.”

“எழுப்பும்மா.”

“எழுப்பினா திட்டுவாருடா.”

“எழுப்பு!”

அவன் கத்தியதில் அந்த வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். போனில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு கிரீச்சிட்டது. “என்னங்க” என்று அம்மா கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டது அவளுடைய குரலாகவே இல்லை.

நர்ஸம்மா போனை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “அம்மா, பதறாதீங்க. மூச்சு வருதா பாருங்க. வருதா? சரி. அவரை ஒருபக்கமா திருப்பிப் படுக்க வைங்க. வாயில தண்ணி, சர்க்கரை எதுவும் ஊத்தக் கூடாது, புரையேறிடும். வாசக் கதவைத் திறந்து வைங்க. ஆம்புலன்ஸ் வருது.” பேசிக்கொண்டே மற்றவர்களிடம் கையைக் காட்டி, இன்னொரு போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட வைத்தார். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அத்தனை கடையையும் போனில் மடக்கத் தெரிந்தவனுக்குச் சொந்த வீட்டு விலாசம் வாயில் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்ச். அம்மா அதன் ஓரத்தில், யாருக்கோ இடம் விட்டவள் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். உள்ளே அப்பாவின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் இளவயதுக்காரர். வெளியே வந்து நேராகவே பேசினார்.

“மீட்டர்ல எண்ணே வரலை, குறைவுன்னு மட்டும் காட்டுச்சு. இப்ப ஏத்திட்டோம், எண் மேல வந்துடுச்சு. ஆனா எவ்வளவு நேரமா அப்படிக் கிடந்தாருன்னு தெரியலையே. மூளைக்குச் சர்க்கரை இல்லாம இருந்திருக்கு. கண்ணைத் திறக்கட்டும், அப்புறம்தான் எதையும் சொல்ல முடியும்.”

டாக்டர் உள்ளே போனதும் அம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“டேய், நான்தான்டா. என்னாலதான்.”

“என்னம்மா சொல்ற?”

“நேத்து அவருக்குக் கை நடுங்குச்சு, வேர்த்துக் கொட்டுச்சு. உன்கிட்ட சொன்னா திட்டுவியோன்னு, திருட்டுத்தனமா சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் குடுத்தேன். ராத்திரியும் குடுத்தேன். குடிச்சதும் தெளிஞ்சாருடா. ஆனா சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை குடுத்துட்டோமேன்னு எனக்குப் பயம். அதைச் சரிக்கட்டணும்னு இன்னைக்குக் காலைல ரெண்டு கோடு கூட ஏத்திப் போட்டேன்.”

இருபத்திரண்டு கோடு. ஐம்பத்தைந்து. அவனுடைய மூளை கேட்காமலே கணக்குப் போட்டது. அந்த மூளையைப் பிடுங்கி எறியலாம் போல வெறுப்பு வந்தது அவனுக்கு. அந்தச் சர்க்கரைத் தண்ணீர்தான் முந்தின நாள் முழுக்க அப்பாவைப் பிடித்து வைத்திருந்தது. அவனிடமிருந்து ஒளித்து அவள் செய்த ஒரே காரியம் அது. அந்த வீட்டில் அந்த இரண்டு நாளில் நடந்த ஒரே நல்ல காரியமும் அதுதான். அதைத்தான் அவள் தன் குற்றமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சும்மா இருந்துவிடலாம். அந்த நினைப்பும் அவனுக்கு வராமல் இல்லை. டாக்டருக்கு ஊசியின் நிறம் தெரியாது. நர்ஸம்மா பெருந்தன்மையானவர், வெளியே பேச மாட்டார். அம்மா சொல்லும் கதையே யாருக்கும் போதுமானதாக இருக்கும். வயதானவள் கோட்டைத் தப்பாகப் பார்த்துவிட்டாள் என்று எல்லாரும் சமாதானம் ஆகிவிடுவார்கள். அந்த அளவுக்கு யோசித்துவிட்டு, தன்னைப் பார்த்தே அருவருத்துப் போனான்.

“நீ இல்லம்மா” என்றான். “சர்க்கரைத் தண்ணியாலதான் அப்பா நேத்து பொழச்சாரு. நான் வாங்கின மருந்து கெட்டி. பழசைப் போல ரெண்டரை மடங்கு. அதுக்கு வேற ஊசி வாங்கணும். கடைல கேட்டாங்க, நான் வேணாம்னுட்டேன். நீ இருபதான்னு கேட்டப்ப இருபதுன்னு சொன்னேன். காலைக்கு எட்டுதான் போதும்மா அந்த ஊசில. எட்டுக் கோடு.”

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் தன் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலைப் பார்த்தாள். ஊசியின் தண்டை அழுத்துகிற விரல். அதை முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

“எதுக்குடா கடையை மாத்தின?” என்று கேட்டாள்.

“விலை குறைவா இருந்துச்சும்மா.”

“மாசத்துக்கு எவ்வளவு மிச்சமாகும்?”

அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் காய்கறி வாங்கிவிட்டு வரும்போது கேட்பாளே, அப்படித்தான் கேட்டாள். உள்ளே எதையோ யாரோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. அப்பாவை யாரோ பேர் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்கள், பதில் வரவில்லை, மறுபடி கூப்பிட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று அவன் வாயைத் திறந்தான். ஆனால் அவனுக்குத் தெரியும்.

“தொண்ணூறும்மா” என்றான்.

“தொண்ணூறு” என்று அம்மா சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து, அவசரப் பிரிவின் கதவருகே போய், உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று காதை வைத்து நின்றாள்.